பொங்கிய மாவும் புளித்த மாவும்: ஒரு தள்ளுவண்டி தோசைக்கடையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூர் சிங்காநல்லூர்ப் பக்கம், சாயங்காலம் 6 மணிக்குத் திறந்து இரவு 11 மணிக்கு மூடும் ஒரு தள்ளுவண்டி தோசைக்கடையில் நடந்தது இது. நடத்துபவர்கள் கணவனும் மனைவியும். தெருவோர உணவுக் கடைக்காரர்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுக்கும் வேலையில் எனக்குப் பழக்கமானவர்கள். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடைக்காரர், அவர் மனைவி என்றே எழுதுகிறேன்.

கடைக்காரர் இருபது வருஷத்துக்கு மேல் நூற்பாலையில் வேலை பார்த்தவர். 2020 ஊரடங்கில் நின்ற ஆலை திரும்ப ஓடவில்லை. கொஞ்ச நாள் கிடைத்த வேலையைச் செய்துவிட்டு, 2022இல் வண்டி போட்டார். ஆரம்பத்தில் மாவை வெளியில் வாங்கினார்கள். வாங்கிய மாவு ஒருநாள் போல ஒருநாள் இல்லை, விலையும் கட்டவில்லை. அதனால் 2023 ஆடிக்கு அப்புறம் பழைய சாய்க்கும் கிரைண்டர் ஒன்றை வாங்கி வீட்டிலேயே அரைக்கத் தொடங்கினார்கள்.

ஒரு நாளைக்கு 8 கிலோ இட்லி அரிசி, 2 கிலோ முழு உளுந்து, ஒரு கைப்பிடி வெந்தயம். இரவே ஊறப்போட்டு விடியற்காலை 5 மணிக்கு அரைப்பார்கள். அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, ஒரு பெரிய எவர்சில்வர் போசியில் பாதி அளவுக்கு ஊற்றி வீட்டின் பின்னறையில் வைப்பார்கள். சாயங்காலம் 5 மணிக்கு அது வண்டிக்கு வந்தாக வேண்டும். இருநூறு தோசைக்குக் குறையாத மாவு ஒரே போசியில் இருக்கும். அது கெட்டால் அன்றைய வியாபாரமே கெட்டது.

மாவு தயாரா இல்லையா என்பதற்கு அவர்களிடம் இருந்தது ஒரே அளவுகோல். போசியின் வெளிப்பக்கம் இரண்டு சாக்பீஸ் கோடு. கீழ்க்கோடு ஊற்றிய மட்டம், மேல்கோடு பொங்கி வரவேண்டிய மட்டம். மேல்கோட்டைத் தொட்டால் எடுக்கலாம். ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் இது சரியாகவே நடந்தது.

கோடு பொய்த்த இரண்டு நாட்கள்

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானமே மாவு மேல்கோட்டைத் தாண்டி நின்றது. நல்லதுதான் என்று 4 மணிக்கே கலக்கி, தண்ணீர் சேர்த்து வண்டிக்குக் கொண்டுபோனார்கள். தோசை கல்லை விட்டு எழும்பவே அடம்பிடித்தது. எழும்பியதும் சப்பென்று இருந்தது. தினமும் வரும் பையன் ஒருவன் பாதியில் தட்டை வைத்துவிட்டு, "அண்ணா, இன்னைக்கு மாவு பச்சையா இருக்குதுங்க" என்றான்.

கார்த்திகையில் நேர்மாறாக ஒன்று நடந்தது. வேறு கடையில் விலை குறைவாகக் கிடைத்ததென்று உளுந்து மூட்டையை மாற்றியிருந்தார்கள். அன்றைக்கு மாவு கோட்டுக்குப் பாதிகூட ஏறவில்லை. இன்னும் நேரம் வேண்டும்போல என்று காத்திருந்தார்கள். அன்றைய கடையை வெளியில் வாங்கிய மாவை வைத்து ஓட்டிவிட்டு, அந்தப் போசியை மறுநாளைக்கு என்று அப்படியே விட்டார்கள். காலையில் மூடியைத் திறந்தபோது நெடி மூக்கைக் குத்தியது. மட்டம் மட்டும் ஏறவே இல்லை. முழுப் போசியும் சாக்கடைக்குப் போனது. ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில் இப்படி மூன்று தடவை முழுப் போசியைக் கொட்டியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் விளங்கும். மாவு பொங்குவதும் மாவு புளிப்பதும் ஒரே வேலை என்று நாம் நினைக்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிற இரண்டு வேலைகள். அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று வாயுவையும் அமிலத்தையும் விடுகின்றன. வாயு வெளியே ஓடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. உளுந்து நல்லதாக இருந்து நன்றாகவும் அரைபட்டிருந்தால், அரைக்கும்போது உள்ளே போன காற்றோடு முதலில் வரும் வாயுவும் சேர்ந்து மாவைச் சீக்கிரமே தூக்கிவிடும். அமிலம் அதற்குள் சேர்ந்திருக்காது. உளுந்து பழையதென்றால் வாயு வந்துகொண்டே இருக்கும், ஆனால் தங்காது. மட்டம் ஏறாது, புளிப்பு மட்டும் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். சாக்பீஸ் கோடு அளந்தது உளுந்தின் பிடிப்பை. புளிப்பை அது ஒருநாளும் அளக்கவில்லை. ஆடிக்குப் பிந்தைய இரண்டு மாதமும் உளுந்தும் வெயிலும் ஒரே சீராக இருந்ததால் கோடு சரியாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு குறுக்குவழியும் முயன்றார்கள். ஐப்பசி நாளுக்கு அப்புறம், மாவு சந்தேகமாக இருந்தால் ஆப்ப சோடா ஒரு ஸ்பூன் போடுவது. தோசை உடனே துளை விட்டு வந்தது, நிறமும் கூடியது. ஆனால் சோடா இருக்கிற கொஞ்சம் புளிப்பையும் தின்றுவிடும். அதைவிட முக்கியம், சோடா போட்ட பிறகு அந்த மாவைப் பற்றி யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. வாயு எதிலிருந்து வந்தது, புளிப்பு எவ்வளவு இருந்தது என்ற இரண்டு தடயமும் அழிந்துபோகும். மனைவிதான் அதை நிறுத்தினார். சோடா தோசை ஆறினால் நாக்கில் ஒரு கரிப்பு நிற்கிறது என்பது அவர் சொன்ன காரணம்.

கிரைண்டரில் தொடங்கிய காது

சத்தத்தைக் கவனிக்க வேண்டும் என்று யாரும் கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆலையில் ஒரு ஸ்பிண்டில் பழுதானால் இத்தனை மெஷின் இரைச்சலுக்கு நடுவிலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார்கள். அந்தப் பழக்கம் கிரைண்டருக்கும் வந்திருக்கிறது. உளுந்து போட்ட புதிதில் கல் கரகரவென்று அரைக்கும். தண்ணீர் தெளிக்கத் தெளிக்க அது குறைந்து, ஒரு கட்டத்தில் மாவு சுவரில் அறைகிற சத்தம் மட்டும் பொதபொதவென்று கேட்கும். அந்தச் சத்தம் வந்தபின் ஒரு துளி மாவை எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதந்தது, வருவதற்கு முன்னால் விட்டால் மூழ்கியது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சோதனைதான். அதைச் சத்தத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது மட்டும் அவருடையது.

கார்த்திகையில் வாங்கிய அந்த மலிவு உளுந்து அரைபடும்போது பொதபொதப்பு வரவே இல்லையாம், எவ்வளவு நேரம் ஓட்டியும் சளக்சளக்கென்றே இருந்ததாம். இதை அவர் மாவைக் கொட்டிய பிறகுதான் நினைவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்துதான் அடுத்த கேள்வி வந்தது. அரைக்கும்போது மாவு சத்தத்தில் பேசுகிறதென்றால், போசியில் இருக்கும்போதும் பேசுமா?

மூடிக்கு மேல் காதை வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மனைவி காதை வைத்ததும், "ஏனுங்க, நொறநொறன்னு சன்னமாக் கேக்குதுங்களே" என்றார். குமிழி உடைகிற சத்தம் அது. புளிக்கும் மாவில் உண்மையிலேயே உண்டு. ஆனால் மிகச் சன்னமானது, கீச்சென்ற சுருதியில் வருவது. பல வருஷம் நூற்பாலை இரைச்சலில் நின்றவர்களுக்கு முதலில் போவது அந்தச் சன்னச் சத்தத்தைக் கேட்கிற சக்திதான். ஆகவே அவரால் கேட்க முடியவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை. பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கும் முறைக்கு அவர் போனது இதனால்தான். தட்டினால் வருவது கனத்த சத்தம். அது அவர் காதுக்கு எட்டியது.

முறை இதுதான். மாவை ஊற்றி முடித்த உடனே, கீழ்க்கோட்டுக்கு நான்கு விரல் கீழே, தோசைக் கரண்டியின் மரப்பிடியால் இரண்டு தட்டு. அந்தச் சத்தம்தான் அன்றைய தொடக்கம். அப்போதுதான் அரைத்த மாவு இருக்கும் போசி டக்கென்று இறுக்கமாகச் சொல்லும். அதே இடத்தில், அதே கரண்டியால் மத்தியானம் 2 மணிக்கும் சாயங்காலம் 4 மணிக்கும் தட்டுவார். வாயு நிரம்ப நிரம்ப அது இறங்கிப் பொத்தென்று அமுங்கிப்போகும். குமிழி நிறைந்த கலவையில் ஒலி ஓடும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும், அதனால்தான் சத்தம் தாழ்ந்து மங்குகிறது. இதில் அவர் கண்டுபிடித்த நிபந்தனைகள் இரண்டு. தட்டுவதற்கு முன் போசியை அசைக்கவோ கலக்கவோ கூடாது. கலக்கினால் வாயு ஓடிச் சத்தம் மறுபடி இறுகிவிடும். அப்புறம், மாவு மட்டத்துக்கு மேலே தட்டக் கூடாது. அங்கே கேட்பது காலிப் பாத்திரத்தின் சத்தம்.

கண்ணால் பார்க்கிற மட்டத்தைவிடத் தட்டுச் சத்தம் எந்த விதத்தில் மேல்? மேலே நுரை ஏறி, அடியில் மாவு தண்ணீர் பிரிந்து கிடக்கிற நாட்கள் உண்டு. குளிர்ந்த சிமெண்டுத் தரையில் வைத்த போசியில் இது சகஜம். கோடு எல்லாம் சரி என்று காட்டும். அடிப்பக்கம் தட்டினால் டக்கென்று கேட்கும். மார்கழி தொடக்கத்தில் இப்படி ஒருநாள் கண்டுபிடித்த பிறகுதான் போசிக்கு அடியில் பலகையும் கோணிச்சாக்கும் வந்தன.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாவை ஊற்றும்போது கல்லில் வருகிற சொய்ங் சத்தத்தை வைத்தும் மாவின் பதம் சொல்லலாம் என்று பலர் சொல்வார்கள். இந்தக் கடையில் நான் பார்த்த வரைக்கும் அந்தச் சத்தம் கல்லின் சூட்டையும் மாவில் சேர்த்த தண்ணீரையும்தான் சொல்கிறது. பச்சை மாவும் சூடான கல்லில் அழகாகச் சொய்ங் என்கும்.

மூக்கு: முதல் நெடியை நம்பாதது

வாசனையில் மனைவிதான் ஆசிரியர். பொழுதுக்கு ஒரு வாசமாக மாவு மாறுவதை அவர் நான்கு நிலையாகப் பிரித்துச் சொன்னார். அரைத்த கையோடு பச்சை உளுந்து வாடை. அப்புறம் அந்த வாடை மங்கி எந்த வாசமும் இல்லாத ஒரு நிலை. பிறகு மோர் வாசம், கூடவே லேசான கள் வாசம். கடைசியில் காடி நெடி. தோசைக்கு வேண்டியது மூன்றாவது நிலை. இந்த வாசனை ஏணி கடைக்காரருக்குப் பிடிபட வெகுநாள் ஆனது. அவர் எப்போது மூடியைத் திறந்து முகர்ந்தாலும் "புளிச்சிருச்சு" என்பார். மனைவி இல்லை என்பார்.

யார் சொல்வது சரி என்று பார்க்க, பயிற்சிக்கு நான் எடுத்துப்போகிற பிஎச் தாளை வைத்துச் சில நாள் பார்த்தோம். அதில் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அரைத்த மாவில் தாள் 6ஐ ஒட்டிய நிறம் காட்டியது. மனைவி மோர் வாசம் என்று சொன்ன மாவில் 4.5 பக்கம். அதற்கு முன்பே கடைக்காரர் புளித்துவிட்டது என்று சொன்ன மாவுகளில் 5க்கு மேல். தாள் நுணுக்கமான கருவி இல்லைதான், ஆனால் இந்த வித்தியாசத்துக்குப் போதும். மனைவியின் மூக்குச் சரி.

கடைக்காரர் மூக்கு எங்கே ஏமாந்தது என்றால், மூடியைத் திறந்த அந்த நொடியில்தான். மூடிக்கும் மாவுக்கும் நடுவில் அத்தனை நேரமும் கரியமில வாயு தேங்கியிருக்கும். அதற்கென்று வாசனை கிடையாது. ஆனால் மொத்தமாக மூக்கில் ஏறினால் சுருக்கென்று குத்தும், சோடா குடித்து ஏப்பம் விட்டால் மூக்கில் ஏறுமே அதுபோல. அந்தக் குத்தலைத்தான் அவர் புளிப்பு என்று எண்ணியிருக்கிறார். அதாவது காதால் ஏற்கெனவே தெரிந்துகொண்ட வாயுவையே மூக்காலும் ஒருமுறை அளந்துவிட்டு, இரண்டு சாட்சி கிடைத்ததாக நம்பியிருக்கிறார்.

மனைவி செய்வது வேறு. மூடியைத் திறந்து தள்ளி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். வாயு கலைந்தபின் ஒரு சின்னக் கரண்டியைப் போசியின் நடுவில் ஆழமாக விட்டு, அடியிலிருந்து எடுத்து, அதை மூக்கருகே கொண்டுபோவார். மேல் நுரையை முகர மாட்டார். வெங்காயம் நறுக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவார், வாசனை சோப்புப் போட்ட கையோடு செய்ய மாட்டார். ஒருமுறைதான் முகர்வார். திரும்பத் திரும்ப முகர்ந்தால் மூக்குப் பழகிப்போய் எல்லாமே மோர் வாசமாகத் தெரியும் என்பார். "பாருங்க, ரெண்டாவது வாசம்தான் மாவோடது, மொதல்ல வர்றது மூடியோடது" என்று அவர் கணவருக்குச் சொன்னதைக் கேட்டேன்.

இதற்குப் பிறகு அவர்கள் எடுத்த முடிவு: சத்தம் கணவர் பொறுப்பு, வாசனை மனைவி பொறுப்பு. ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்பதற்கு முன், இருவரும் தனித்தனியாக நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிவிட வேண்டும். ஆலையில் ஷிப்ட் மாறும்போது மெஷின் நிலையை எழுதி வைக்கிற வழக்கம் அப்படியே வீட்டுக்கு வந்தது. இரண்டும் ஒத்துப்போனால் மாவு வண்டிக்குப் போகும். ஒத்துப்போகாவிட்டால் ஒரு சின்னத் தோசை ஊற்றிப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

மார்கழி: மூக்கு இல்லாத வாரம்

மார்கழி நடுவில் மனைவி ஒரு சீருக்காகப் பிறந்த ஊருக்குப் போனார். அதே வாரம் கடைக்காரருக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. கோவையில் குளிர் மிகுந்த நேரம் அது. விடியற்காலையில் பின்னறை 20 டிகிரியை ஒட்டியே இருக்கும், மாவு நகரவே மாட்டேன் என்கும். அரைக்கிற நேரத்தை இரவு 12 மணிக்கு, கடை மூடிய கையோடு, மாற்றியிருந்தார்கள். முந்தைய நாள் மாவிலிருந்து ஒரு கரண்டி உறையாகச் சேர்ப்பதும் அப்போதுதான் வந்தது.

காது மட்டுமே கையிலிருந்த அந்த வாரத்தில், மூன்றாம் நாள் 2 மணிக்கே சத்தம் பொத்தென்று அமுங்கிவிட்டது. அவர் அதை நம்பி எடுத்துவிட்டார். ஐப்பசியில் நடந்ததே திரும்ப நடந்தது: வாயு இருந்தது, புளிப்பு இல்லை. இந்தத் தடவை நஷ்டம் குறைவு. முதல் சில தோசைகளிலேயே அவருக்குச் சந்தேகம் வந்து, போசியில் மிச்சமிருந்த மாவுக்குத் தண்ணீர் சேர்க்காமல் நிறுத்திவிட்டார். வெளியில் வாங்கிய மாவை வைத்துக் கடையை ஓட்டினார். நிறுத்திய மாவு இரவு 9 மணிக்குப் பதமாகி வந்து, கடைசி இரண்டு மணி நேரம் அதே மாவில் நல்ல தோசை போனது.

போனில் பேசும்போது மனைவி சொன்ன யோசனை எளிமையானது. மூக்கு அடைத்தால் வாசம்தான் போகும், நாக்குக்குப் புளிப்புத் தெரியும். ஒரு ஸ்பூன் மாவைச் சின்னத் தோசையாகச் சுட்டு, சட்னி தொடாமல் மென்று பார்த்தால் போதும். அந்த வாரம் முழுக்க மூக்கின் இடத்தில் நாக்கு வேலை பார்த்தது. சளி என்றால் நாக்குத் தோசை என்று நாட்காட்டித் தாளில் எழுதி வைத்திருக்கிறார்.

சித்திரை: எதிர்ப்பக்கம்

2024 சித்திரை வெயிலில் நிலைமை தலைகீழானது. அரைக்கிற நேரம் காலை 9 மணிக்கு நகர்ந்துவிட்டது. ஒருநாள் 2 மணிக்குத் தட்டியபோது அரைத்த மாவின் சத்தமே கேட்டது, டக்கென்று. மட்டமும் ஏறவில்லை. மனைவியின் தாளில் மட்டும் "மோர் தாண்டுது" என்று இருந்தது.

பழைய கணக்குப்படி இது காத்திருக்க வேண்டிய மாவு. இரண்டு தாளையும் வைத்துப் பார்த்தபோதுதான் இது கார்த்திகை மாவின் வழியில் போகிறது என்று புரிந்தது: உளுந்துக்குப் பிடிப்பு இல்லை, வாயு தங்கவில்லை, புளிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. காத்திருந்தால் பொங்கப்போவதில்லை, புளிக்கத்தான் போகிறது. உடனே மாவை மூன்று சின்னப் பாத்திரங்களில் பிரித்து, இரண்டைப் பக்கத்துக் கடையின் குளிர்பெட்டியில் வைத்தார்கள். பெரிய போசியாக உள்ளே வைத்தால் நடுப்பகுதி குளிர்வதற்குள் மாவு எல்லை தாண்டிவிடும், பிரித்ததற்குக் காரணம் அதுதான். அன்றைக்கு முறுகல் தோசை கிடையாது என்று பலகையில் எழுதிவிட்டு, வெங்காய ஊத்தப்பமும் பொடி ஊத்தப்பமும் போட்டார்கள். அதிகம் புளித்த மாவில் சர்க்கரை குறைந்திருக்கும், மெல்லிய தோசை சிவக்காமல் வெளுத்துப்போகும். ஊத்தப்பத்தில் வெங்காயமும் கனமும் அதை மறைத்துவிடும். மாவு வீணாகவில்லை.

அன்று இரவே உளுந்து மூட்டையைக் கொட்டிப் பார்த்தார்கள். உடைசல் அதிகம், சுருங்கிய மணியும் நிறைய. கிரைண்டரில் பொதபொதப்பு வரவில்லை என்று காலைத் தாளிலேயே கடைக்காரர் எழுதியிருந்தார். அந்தக் குறிப்பைக் காலையிலேயே பொருட்படுத்தியிருந்தால் 2 மணிக்கு முடிவெடுக்க வேண்டியது இருந்திருக்காது.

விளைவு

அடுத்த ஐப்பசி முதல் தை வரை முழுப் போசியைக் கொட்ட நேர்ந்தது ஒரே ஒருமுறை. அதுவும் புளிப்புப் பிரச்சினை இல்லை. மாவின் மேல் இளஞ்சிவப்பில் ஒரு திட்டு இருந்தது, வாசத்தில் மோருக்கும் காடிக்கும் சம்பந்தமில்லாத ஒரு அழுகல் இருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாமா என்று என்னைக் கேட்டார்கள். கூடாது என்றேன், கொட்டிவிட்டார்கள்.

இதை ஒட்டி ஒரு எச்சரிக்கை. பதம் நல்லது என்று காதும் மூக்கும் சொல்வது வேறு, மாவு பாதுகாப்பானது என்பது வேறு. வெதுவெதுப்பில் வெகுநேரம் கிடந்தும் புளிக்காத மாவில், வாந்தி உண்டாக்கும் கிருமிகள் வாசம் காட்டாமலே பெருகலாம். அவற்றில் ஒருவகை விடும் நச்சு கல்லின் சூட்டுக்கும் அழியாது. ஒரு பொழுது முழுக்கச் சூட்டில் இருந்தும் மாவில் பச்சை வாடை போகவில்லை என்றால் அதைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது. இந்தக் கடையில் இப்போது அதுவே விதி.

வாடிக்கையாளர்கள் யாரும் இதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. மாவு பச்சையாக இருக்கிறது என்று சொன்ன பையன் இன்னும் தினமும் வருகிறான்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒரே போசி என்பது தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டியது. இரண்டு நடுத்தரப் போசியாக இருந்திருந்தால் கார்த்திகையில் ஒன்றை முன்னால் எடுத்து, ஒன்றைக் காத்திருக்க வைத்துப் பார்த்திருக்கலாம். சித்திரைக்கு அப்புறம் இரண்டாக்கிவிட்டார்கள்.

இரண்டாவது உளுந்து. விலை பார்த்து மூட்டையாக வாங்குவதை நிறுத்தி, சரக்கு வேகமாக ஓடும் கடையில் வாரத்துக்கு ஒருமுறை வாங்குகிறார்கள். புதுச் சரக்கு வந்தால் முதலில் ஒரு கைப்பிடியை மிக்சியில் அரைத்து மிதக்கிறதா என்று பார்த்த பிறகே கிரைண்டரில் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு மாற்றமே பாதிப் பிரச்சினையைத் தீர்த்திருக்கும்.

அறைச் சூட்டைக் காட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் வாங்கவில்லை. கை வைத்தாலே தெரிகிறதே என்கிறார் கடைக்காரர்.

இப்போது அவருடைய அண்ணன் மகன் ஒண்டிப்புதூரில் தனி வண்டி போடுகிறான். சித்தப்பாவிடம் தட்டிப் பார்க்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு போனவன், முதல் நாளே போன் செய்து, "சித்தப்பா, எனக்குக் காலையில இருந்தே பொத்துன்னுதான் கேக்குது" என்றிருக்கிறான். அவனுடையது கனத்த அலுமினிய அண்டா. பாத்திரம் மாறினால் சத்தமும் மாறும், கரண்டி மாறினாலும் மாறும். முதல் ஒரு மாதம் அண்டாவைத் தட்டி எழுத மட்டும் செய், மாவை எடுப்பதைச் சித்தி சொன்ன வாசத்தை வைத்தும் சின்னத் தோசையை வைத்தும் முடிவு செய் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் தாள்களை மாதக் கடைசியில் கொண்டுவந்து காட்டுவதாகப் பேச்சு.